வங்கி கவுன்டரிலிருந்து வார்டுக்கு: ஒரு கதையை நகர்த்துவது எப்படி?

"நாற்பது வயதான சுகந்தி, வங்கியில் எழுத்தர். வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கலாமா என்று யாரிடமும் சொல்லாமல் யோசிக்கிறாள். இதுதான் என் சிறுகதை. ஆறு பக்கம் எழுதிவிட்டேன், அவள் ஜன்னல் ஓரம் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறாள், கதை நகரவே மாட்டேன் என்கிறது. கும்பகோணத்தில் வைப்பதா லண்டனில் வைப்பதா என்றும் தெரியவில்லை. நர்சிங் பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படிக் கொண்டுபோவது?"

கும்பகோணத்தை விட்டுவிடுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிகளின்படி பி.எஸ்சி. நர்சிங் பட்டம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ இரண்டிலும் சேர உச்ச வயது 35. ஏற்கெனவே ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பை முடித்தவர்களுக்கு ஜி.என்.எம்.மில் விலக்கு உண்டு, ஆனால் அது உங்கள் சுகந்திக்குப் பொருந்தாது. போதாததற்கு பி.எஸ்சி. சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்; வங்கிக்குப் போனவர்களில் பலர் வணிகவியல் பிரிவு. நாற்பது வயதில் அவள் அங்கே எவ்வளவு யோசித்தாலும் அது முடிவெடுப்பது ஆகாது. ஐந்து வருடத்துக்கு முன்பே மூடிய கதவைப் பற்றிய கதை ஒன்று அதில் இருக்கிறது, நல்ல கதையாகவும் வரலாம். நீங்கள் எழுத நினைப்பது அதுவல்ல.

இங்கிலாந்தில் நர்சிங் பட்டப்படிப்புக்கு உச்ச வயது கிடையாது. நான் லண்டனில் வார்டு நர்ஸ், மாணவர்களை மதிப்பிடும் வேலையும் பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டிய மாணவி வார்டுக்கு வந்தால் இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே சுகந்தியை லண்டனின் ஹாரோ பகுதியில் குடிவைப்போம். யாழ்ப்பாணத்தில் பிளஸ் டூ போன்ற ஏ.எல். படிப்பில் வணிகம் படித்தவள், இருபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி வந்தவள், பக்கத்து ஹை ஸ்ட்ரீட் வங்கிக் கிளையில் காசாளர். கணவர், பத்து வயது மகன், கூடவே மாமியார். ஹாரோவில் இப்படிப்பட்ட வீட்டை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி உங்கள் உண்மையான சிக்கல். யோசனை என்பது நிகழ்ச்சி அல்ல, அதனால்தான் ஆறு பக்கமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான் சொல்வது இது: ரகசியமாக எடுக்கும் முடிவைக் கதையாக்க வேண்டுமானால், அந்த முடிவுக்கு இன்னொருவர் கையெழுத்து எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். அதுவரை அவள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தனியாகப் போகலாம். அந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். இங்கிலாந்தின் நடைமுறையில் அப்படி ஓர் இடம் அச்சாக அமைந்திருக்கிறது.

வழியைப் படிப்படியாகப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வணிகப் பாடத்தை வைத்து நேராக நர்சிங்குக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அவளைப் போன்றவர்கள் முதலில் 'ஆக்சஸ் டு ஹையர் எஜுகேஷன்' என்ற டிப்ளமோ படிப்பார்கள். முழுநேரமாக ஒரு வருடம், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அநேகமாக இரண்டு வருடம். மாலை வகுப்பாகவோ இணைய வழியிலோ படிக்கலாம். உடலியல், உளவியல், கட்டுரை எழுதும் முறை எல்லாம் அதில் வரும். அதற்கான கட்டணத்துக்குத் தனிக் கடன் உண்டு. அந்தக் கடன் குடும்ப வருமானத்தைக் கேட்பதில்லை. பிறகு பட்டப்படிப்பையும் முடித்துவிட்டால் ஆக்சஸ் கடனில் மீதி இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். இதுவரை கணவருடைய கையெழுத்து எங்கேயும் வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். இரவு பத்து மணிக்குச் சமையலறை மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவளை அவர் கேட்பார்:

"உது என்ன படிப்பு?"

"பாங்கிலை தாற ட்ரெயினிங்."

"உமக்கு ஏன் இப்ப ட்ரெயினிங்?"

"எல்லாருக்கும் தாறாங்கள்."

அவ்வளவு போதும். இந்தப் பொய் சின்னது, ஆனால் இரண்டு வருடம் தாங்க வேண்டும். கதையை டிப்ளமோவின் கடைசி வருடத்து இலையுதிர் காலத்தில் தொடங்குங்கள். நாற்பது வருட வாழ்க்கையையும் சொல்ல ஆரம்பித்தால் பழையபடி ஜன்னலுக்கே போய்விடுவீர்கள்.

அடுத்தது பல்கலைக்கழக விண்ணப்பம். யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகும், கெடு ஜனவரி நடுவில். பரிந்துரை ஒருவர் எழுத வேண்டும், அதை ஆக்சஸ் ஆசிரியரே எழுதிவிடுவார், வங்கி மேலாளரிடம் போக வேண்டியதில்லை. அதற்கு மேல் தன்னைப் பற்றி அவளே எழுத வேண்டும். முன்பு ஒரே நீளக் கட்டுரையாக இருந்ததை 2026 சேர்க்கை முதல் மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது எப்படி உன்னைத் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்திருக்கிறாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள். கதை எழுதுகிறவருக்கு இது வரப்பிரசாதம். அவள் இரண்டாவது கேள்வியை முடித்துவிடுவாள், மூன்றாவதை முடித்துவிடுவாள், முதல் கேள்வியின் பெட்டி மட்டும் வாரக்கணக்கில் காலியாகக் கிடக்கும். அவள் யோசிப்பதாக நீங்கள் ஒரு வரி எழுத வேண்டாம், அந்தப் பெட்டியைக் காட்டினால் போதும்.

கையெழுத்து தேவைப்படும் இடம் பணத்தில் வருகிறது. பட்டப்படிப்பு மூன்று வருடம். கட்டணம் 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண்ட், அதற்குக் கடன் கிடைக்கும். நர்சிங் மாணவர்களுக்கு வருடம் 5,000 பவுண்ட் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவித்தொகை உண்டு, 15 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் இன்னும் 2,000. இவை யாருடைய வருமானத்தையும் கேட்பதில்லை. ஆனால் வீட்டுச் செலவுக்கான பராமரிப்புக் கடன் கேட்கும். முழுத் தொகைக்கு விண்ணப்பித்தால் கணவருக்கு மின்னஞ்சல் போகும், அவர் தன் பெயரில் கணக்குத் திறந்து, தேசியக் காப்பீட்டு எண்ணையும் வருமானத்தையும் பதிய வேண்டும். கணவரை இழுக்காமல் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது, அப்போது கிடைப்பது குறைந்தபட்சத் தொகை, உச்சத் தொகையில் ஏறத்தாழ பாதி. ஆக, அவள் மௌனத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதை வருடத்துக்கு இத்தனை பவுண்ட் என்று எண்ணியே சொல்லிவிடலாம். தினமும் காசு எண்ணுகிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான சிக்கலை என்னால் யோசிக்க முடியவில்லை.

இன்னொரு கணக்கும் அவள் போடுவாள். படிப்பை முடிக்கும்போது வயது 43 அல்லது 44. புது நர்ஸின் ஆரம்பச் சம்பளம் 2025-26இல் 31,049 பவுண்ட், லண்டன் என்றால் அதற்கு மேல் ஒரு படித்தொகை தனி. கடனைத் திருப்புவது வருமானத்தில் 25,000க்கு மேல் போகும் தொகையில் 9 சதவீதம், 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. அதாவது அவளுக்கு 84 வயது ஆகும்போது. கால்குலேட்டரில் இந்த எண்ணைப் பார்த்து அவள் தனியாகச் சிரிக்கட்டும். கதையில் எங்காவது ஓரிடத்தில் அவள் சிரித்தாக வேண்டும், அது இதுவாக இருக்கலாம்.

சரி, ஏன் நர்சிங்? இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்குகிறார்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இறந்தார், ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார், அன்றே மனதில் விதை விழுந்தது என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு காட்சி உங்கள் பிரதியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் காரணம் யாருக்கும் பொருந்தும், குறிப்பாக ஒரு காசாளருக்கு என்று அதில் எதுவும் இல்லை. இருபது வருடம் காசு எண்ணியவளின் கண்ணில் வார்டு எப்படிப் படும் என்று பாருங்கள்.

மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வார்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுகந்தி மாலையில் வேலை முடிந்து சீருடையோடே வருகிறாள். மருந்து அறைக் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே இரண்டு நர்ஸ்கள். மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் தனி அலமாரியில் பூட்டியிருக்கும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆம்பூல்களை எண்ணுவார், இன்னொருவர் பதிவேட்டில் இருக்கும் இருப்போடு ஒத்துப்பார்ப்பார். ஒவ்வொரு மருந்துக்கும், அதன் ஒவ்வொரு வீரியத்துக்கும் தனித்தனிப் பக்கம். தேதி, நேரம், நோயாளி பெயர், கொடுத்த அளவு, கொடுத்தவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, மீதி இருப்பு. பிறகு இருவரும் சேர்ந்தே கட்டிலுக்குப் போய், கைப்பட்டையைப் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அடித்து அழிக்கக் கூடாது, அடைப்புக்குறிக்குள் போட்டு, ஓரத்தில் விளக்கம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

வங்கியில் பெட்டகத்தையும் தனி ஆளாகத் திறக்க முடியாது. நாள் முடிவில் காசுப் பெட்டியைச் சமன் செய்யும்போது கையில் இருப்பதும் கணினி சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். அதனால் அந்தக் கதவிடுக்கில் சுகந்தி பார்ப்பது கருணையோ தியாகமோ அல்ல, தனக்குத் தெரிந்த வேலை. "ஏழு. ஒன்று எடுத்தாச்சு. ஆறு." கேட்டவுடன் அவள் உதடும் ஆறு என்று சொல்லும். இப்படி எழுதிப்பார்க்கலாம்:

'வெளியே நின்றவளை உள்ளேயிருந்த நர்ஸ் கவனித்துக் கதவைச் சாத்தினாள். சுகந்திக்குக் கோபம் வரவில்லை. அவளாயிருந்தாலும் சாத்தியிருப்பாள். வாடிக்கையாளர் பார்க்க நோட்டு எண்ணக் கூடாது. மாமியின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வந்தார்கள். "பெயரைச் சொல்லுங்கோ" என்று மாமியிடம் ஆங்கிலத்தில் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். "இவளவைக்கு என்ரை பேர் தெரியாதோ, மூண்டு நாளாக் கிடக்கிறன்" என்றார் மாமி. "தெரியும் மாமி. தெரிஞ்சாலும் கேக்க வேணும்" என்றாள்.'

கடைசி வரியில் அவள் ஏற்கெனவே அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டாள். அவளுக்கே அது தெரியாது, கதைசொல்லியும் சுட்டிக்காட்டக் கூடாது. வங்கியும் வார்டும் ஒன்றுபோல என்று ஒரு வரி எழுதினீர்களானால் காட்சி செத்துவிடும்.

இந்தக் காட்சியை மட்டும் வைத்து நிறுத்தினால் கதை அவளுக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும், அதனால் வேலையின் இன்னொரு பக்கமும் அவள் கண்ணில் பட வேண்டும். மூன்று வருடப் படிப்பில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், வார்டிலும் சமூக மருத்துவ இடங்களிலும் நேரடிப் பயிற்சி. அதற்குச் சம்பளம் கிடையாது. ஷிஃப்ட் பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், இரவுப் பணியும் உண்டு. முதல் பயிற்சியில் யாரும் மார்ஃபின் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது, கமோட் நாற்காலி தள்ளுவது, மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை குறிப்பது, இவைதான் பெரும்பாலும். எங்கள் வார்டுக்கு வரும் முதிய மாணவர்களில் சிலர் தடுமாறுவது இங்கேதான். மலம் துடைப்பதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை, பிள்ளை வளர்த்தவர்கள். இருபத்து மூன்று வயது நர்ஸ் "இப்படி இல்லை, மறுபடி செய்" என்று சொல்லும்போது முகம் மாறிவிடும். ஒரு கிளையில் மூத்த காசாளராக இருந்து, புதிதாக வருகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்துப் பழகியவளுக்கு அது எப்படி இருக்கும்? வார்டில் ஒரு முதிய மாணவி திட்டு வாங்குவதைச் சுகந்தி தற்செயலாகப் பார்க்கட்டும். அந்த மாணவியின் முகத்தை மட்டும் எழுதுங்கள்.

வங்கிக் காட்சிகளுக்கும் இதே அளவு விவரம் வேண்டும். உங்கள் பிரதியில் 'சலிப்பான வங்கி வேலை' என்று இருந்தால் அடித்துவிடுங்கள், காசாளர் வேலை அப்படி ஒன்றும் சலிப்பானதல்ல. ஒரு முதியவர் வருகிறார். நாலாயிரம் பவுண்ட் ரொக்கமாக வேண்டும், கூரை வேலைக்காரர் வெளியே வண்டியில் காத்திருக்கிறார் என்கிறார். இங்கே இதற்கென்றே ஒரு நடைமுறை இருக்கிறது, 'பாங்கிங் புரோட்டோகால்' என்பார்கள். 2016இல் லண்டனில் தொடங்கி பிறகு நாடு முழுக்க வந்தது. மோசடி என்று சந்தேகம் வந்தால் காசாளர் கேள்வி கேட்பார், தேவைப்பட்டால் போலீஸை அழைப்பார். சுகந்தி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கையைப் பார்க்கிறாள், நடுங்குகிறது. செருப்பு வீட்டுச் செருப்பு. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறது. அவள் கேட்கக் கேட்க அவர் கோபப்பட்டு, எதுவும் வாங்காமல் போய்விடுகிறார். போலீஸ் வருவதற்குள் வண்டியும் இல்லை. அவள் காப்பாற்றினாளா இல்லையா என்று கதைக்குள் யாருக்கும் தெரிய வேண்டாம். காப்பாற்றிவிட்டால் அது அவளுக்குப் பாராட்டுப் பத்திரமாகிவிடும், யூகாஸின் மூன்றாவது கேள்விக்குத்தான் அது உதவும். உண்மையில் அவள் இந்தச் சம்பவத்தை அங்கே எழுதலாம், எழுதிவிட்டு, கடைசியில் என்ன ஆயிற்று என்ற வரியை அழிக்கலாம்.

ஒரு சபலத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வங்கிக் கிளைகள் பத்து வருடமாக வரிசையாக மூடப்படுகின்றன. சுகந்தியின் கிளையும் மூடப்போகிறது என்று எழுத உங்களுக்குக் கை அரிக்கும். வேண்டாம். கிளை மூடினால் முடிவை வங்கி எடுத்துவிடுகிறது, பணிநீக்கத் தொகையை வாங்கிக்கொண்டு அவள் படிக்கப் போவதில் தீர்மானிக்க என்ன இருக்கிறது? பக்கத்து ஊர்க் கிளை மூடட்டும். அங்கிருந்து இரண்டு பேர் இவள் கிளைக்கு மாற்றலாகி வரட்டும். இவள் வேலை பத்திரமாக இருக்கிறது, மேலாளர் அதை நல்ல செய்தியாகவே சொல்கிறார். இருக்கவும் முடியும், போகவும் முடியும் என்ற நிலையில்தான் அவள் முடிவு அவளுடையதாக இருக்கும்.

முடிவுக்கு வருவோம். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்துவதில் முடிக்காதீர்கள், அனுமதிக் கடிதத்திலும் வேண்டாம். விண்ணப்பம் அனுப்புவதால் அவள் எதையும் இழப்பதில்லை, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். அவள் எதையாவது கொடுத்தாக வேண்டிய இடம் கடன் பக்கம்தான். கணவரின் மின்னஞ்சல் முகவரி கேட்கும் கட்டத்தில் அவளை நிறுத்துங்கள். இரண்டு வழியும் எழுதிப்பாருங்கள். முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டு, மின்னஞ்சல் அவரைச் சேரும் முன் மாடியிலிருந்து இறங்கிப் போய், "இஞ்சருங்கோ, உங்களுக்கு ஒரு மெயில் வரும்" என்று சொல்லலாம். அல்லது குறைந்தபட்சத் தொகையைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பணத்தை விட்டுக்கொடுத்து, மௌனத்தை இன்னும் சில மாதம் நீட்டிக்கலாம். இரண்டிலுமே அவள் படிக்கப் போகிறாள், ஆனால் இரண்டும் வேறு வேறு கல்யாணத்தைப் பற்றிய கதைகள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எழுதுவேன், வாசகர்கள் முதலாவதை விரும்புவார்கள் என்று தெரிந்தும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். வார்டில் எல்லா நர்ஸையும் 'சிஸ்டர்' என்று கூப்பிடவைக்காதீர்கள். இங்கே சிஸ்டர் என்பது வார்டுப் பொறுப்பில் இருக்கும் மூத்த நர்ஸின் பதவி, மற்றவர்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். ஸ்காட்லாந்தில் உதவித்தொகை முறையே வேறு, அதனால் கதையை எடின்பரோவுக்கு மாற்றினால் மேலே சொன்ன கடன் சிக்கல் இதே வடிவில் நிற்காது. பவுண்ட் தொகைகள் வருடா வருடம் மாறும், கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவுசெய்துகொண்டு அந்த ஆண்டுக்குரிய தொகையைப் போடுங்கள்.